பணம் போட்டீர்கள், கணக்கு எங்கே?

ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் போட்டால், வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும். ரிட்டர்ன் போடாதவர்களுக்கு அந்தத் தகவலை வைத்தே நோட்டீஸ் வருகிறது. பயத்தில் பலர் உடனே ரிட்டர்ன் போட ஓடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தேதி.

ஓர் உதாரணம். 2023-24இல் வீடு வாங்க ஒருவர் வங்கியிலிருந்து 12 லட்சம் எடுக்கிறார். பேரம் முறிந்ததால் அதை வேறொரு வங்கியில் போடுகிறார். ஆண்டு வருமானமோ வட்டியாக வந்த ஒன்றரை லட்சம்தான். அந்த ஆண்டுக்குத் தாமத ரிட்டர்ன் போடும் கெடு 2025 ஜனவரி 15உடன் முடிந்தது. பிறகு இருப்பது 'அப்டேட்டட் ரிட்டர்ன்'. ஆனால் கூடுதல் வரி வராதவர் அதைப் போட முடியாது. இவருக்குப் பதில்தான் வழி: இணையதளத்தில் ரிட்டர்ன் போடத் தேவையில்லை என்று தெரிவித்து, பணம் எடுத்ததற்கும் போட்டதற்குமான பாஸ்புக் பக்கங்களைப் பத்திரப்படுத்த வேண்டும்.

வரி பாக்கி இருந்தால் கதை வேறு. வரியைக் கட்டி, ரிட்டர்ன் போட்டு, ஒப்புகை எண்ணுடன் பதில் அனுப்புவதே சரி. தாமதிக்கத் தாமதிக்கக் கூடுதல் வரி 25 சதவீதத்திலிருந்து 70 வரை ஏறும். பதிலுக்கான கெடு நெருங்கிவிட்டால், ரிட்டர்ன் தயாராகிறது என்றாவது தெரிவியுங்கள்.

ரிட்டர்ன் தாக்கல் செய்யச் சொல்லிச் சட்டப்பிரிவின் கீழ் அதிகாரி நோட்டீஸ் அனுப்பியிருந்தால், வெறும் பதில் போதாது. குறித்த தேதிக்குள் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும்.