வலைவீச்சு – 9: புள்ளியா, கோடா?

சென்ற வாரம் ஓ.டி.பி. கேட்பவர்களைப் பார்த்தோம். இந்த வாரம் வேலை தருகிறேன் என்று வருபவர்கள்.

தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன், “இது நெசமான்னு பாருங்கண்ணா” என்று ஒரு மெயிலை எனக்கு அனுப்பினான். பெரிய ஐ.டி. கம்பெனியின் லோகோ, எச்.ஆர். மேனேஜர் கையெழுத்து, எல்லாம் பக்கா. ஆங்கிலத்திலும் பிழை இல்லை. எழுத்துப்பிழையை வைத்தே போலியைப் பிடித்த காலம் மலையேறிவிட்டது.

அனுப்பியவர் பெயராகக் கம்பெனியின் பெயர் இருந்தது. அந்த இடத்தில் யாரும் எந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். அதைத் தொட்டால் விரிகிற முழு முகவரியைத்தான் பார்க்க வேண்டும். @ குறிக்குப் பிறகு இருப்பதைக் கடைசியிலிருந்து படியுங்கள். கம்பெனியின் தளம் abc.com என்று வைத்துக்கொள்வோம். careers.abc.com அவர்களுடையது, புள்ளி போட்டு முன்னால் சேர்க்கும் உரிமை abc.com வைத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு. careers-abc.com என்று கோடு வந்துவிட்டால் அது வேறொரு தளம். சும்மா கிடந்தால் யாரும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பையனுக்கு வந்தது கோடு போட்டது. lookup.icann.org தளத்தில் அதைத் தட்டிப் பார்த்தால், பதிவாகி மூன்றே வாரம்! பழைய கம்பெனிக்குப் புதுக் குழந்தை.

ஆனால் வேறு முகவரி என்றாலே போலி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. நிஜக் கம்பெனிகளும் கன்சல்டன்சி மூலமோ, ஆளெடுப்பு மென்பொருள் மூலமோ மெயில் அனுப்புவதுண்டு. அப்போது மெயிலில் இருக்கும் வேலை எண்தான் கைகொடுக்கும்.

மெயிலில் இருந்த லிங்க்கைத் தொடாமல், கம்பெனி முகவரியைக் கையால் தட்டி, வேலைவாய்ப்புப் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடினோம். இருந்தது! பையன் முகம் மலர்ந்தது. கீழே படித்தால், அது ஐந்து வருட அனுபவம் கேட்கும் வேலை, பையனுக்குப் பொருந்தாதது. நிஜ விளம்பரத்தின் எண்ணை உருவி ஒட்டியிருக்கிறார்கள். “உங்கள் ரெஸ்யூமே நௌக்ரியில் கிடைத்தது” என்ற வரியும் எதையும் நிரூபிக்காது. போர்ட்டலில் ஏற்றிய ரெஸ்யூமே யார் யார் கைக்குப் போகிறது என்பது நம் வசத்தில் இல்லை.

பிறகுதான் இன்டர்வியூ பற்றிச் சொன்னான். வாட்ஸ்அப்பில் அரைமணி நேர சாட். முகம் காட்டவில்லை, ஒரு வரி புரோகிராம்கூட எழுதச் சொல்லவில்லை, புராஜெக்ட் பற்றிக் கேட்கவில்லை. அன்று மாலையே ஆஃபர் லெட்டர், கூடவே லேப்டாப்புக்கு ‘திரும்பக் கிடைக்கும்’ டெபாசிட். என்னைக் கேட்டால், முகவரி, வேலை எண் இரண்டையும்விட இதுவே பெரிய சாட்சி. சம்பளம் கொடுக்கப்போகிறவர் வேலை தெரியுமா என்று துருவாமல் விடமாட்டார். டி.சி.எஸ். போன்ற கம்பெனிகள், வேலைக்கு டெபாசிட் வாங்குவதில்லை, ஜிமெயில், யாஹூவிலிருந்து ஆஃபர் அனுப்புவதில்லை என்று தங்கள் தளத்திலேயே எச்சரித்திருக்கின்றன.

இன்னும் சந்தேகமா? மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கம்பெனி தளத்தில் உள்ள எண்ணில் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டதென்றால் உடனே 1930. பணத்தை அவர்கள் வெளியே எடுப்பதற்குள் சொன்னால்தான் வங்கியால் நிறுத்திவைக்க முடியும்.

(தொடரும்)