ரோஸி எவ்வளவு கொடுக்க வேண்டும்?

சோழிங்கநல்லூரில் ஒரு டபுள் பெட்ரூம் வீடு. நான்கு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். கணக்கைப் புரிந்துகொள்வதற்காக அவர்களுக்கு கவிதா, நித்யா, ஃபாத்திமா, ரோஸி என்று பெயர் வைத்துக்கொள்வோம். நெட் கனெக்‌ஷன் கவிதா பெயரில் இருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸுக்குப் பணம் போவது நித்யாவின் கணக்கிலிருந்து. ஃபாத்திமா நெட்ஃப்ளிக்ஸ் பார்ப்பதில்லை. ரோஸி ஜூன் 15ஆம் தேதிதான் குடிவந்தாள். மாதம் முடிந்ததும் கவிதா வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போடுகிறாள்: “நெட் பில் வந்துடுச்சு, எல்லாரும் 250 அனுப்புங்கடி.”

இந்த ஒரு வரியிலிருந்துதான் மனக்கசப்பு தொடங்குகிறது. பாதி மாதம் மட்டும் இருந்த ரோஸிக்கும் 250 ரூபாயா? நித்யா கட்டிய நெட்ஃப்ளிக்ஸ் இதில் சேர்த்தியா, தனியா? இவ்வளவு ஏன், 250 என்ற எண்ணே தவறு. அதில் நஷ்டப்படுவது கவிதாதான்.

முதலில் அந்த நஷ்டத்தைப் பார்ப்போம். கவிதா எடுத்திருப்பது 999 ரூபாய் பிளான். பிராட்பேண்ட் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் விலையில் பெரும்பாலும் ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. 18 சதவீத வரி சேர்ந்தால் 999 ரூபாய் 1178 ரூபாய் 82 காசு ஆகிவிடும். பிளானின் பெயரை மனதில் வைத்து நான்கால் வகுத்துச் சொல்பவர், மற்ற மூவர் தர வேண்டியதில் மாதம் சுமார் 134 ரூபாயைத் தன் கையிலிருந்து போடுகிறார். வருஷத்துக்கு 1,600 ரூபாய்க்கு மேல். அதனால் பிளான் விலையைப் பார்த்துப் பிரிக்கவே கூடாது. கணக்கிலிருந்து உண்மையில் கழிந்த தொகையைத்தான் பிரிக்க வேண்டும்.

அடுத்தது தேதி. நெட் பில் காலண்டர் மாதத்தின்படி வருவது அபூர்வம். கனெக்‌ஷன் கொடுத்த தேதியிலிருந்து சுற்று ஓடும். கவிதாவின் பில் ஜூன் 5 முதல் ஜூலை 4 வரை, 30 நாளுக்கு. “ஜூன் மாச பில்” என்று பொதுவாகச் சொன்னால் ரோஸி அதில் எத்தனை நாள் இருந்தாள் என்பதையே கணக்கிட முடியாது. தேதி தெரிந்தால் எளிது: ஜூன் 15 முதல் ஜூலை 4 வரை 20 நாள்.

இனி ரோஸியின் பங்கு. பலரும் இதைச் செய்யும் விதம் ஒன்று உண்டு. மூன்று பேர் 30 நாள், ஒருத்தி 20 நாள், ஆக மொத்தம் 110 நாள். பில்லை 110 ஆல் வகுத்து அவரவர் நாளால் பெருக்குவது. அப்படிப் போட்டால் ரோஸிக்கு 214 ரூபாய் வருகிறது, மற்றவர்களுக்கு ஆளுக்கு 321 ரூபாய் 50 காசு. பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு சின்ன அநியாயம் ஒளிந்திருக்கிறது.

நெட் பில் ஆள் கணக்கில் ஏறுவது இல்லை. வீட்டில் மூன்று பேர் இருந்தாலும் நான்கு பேர் இருந்தாலும் ஒரு நாளைக்கு 39 ரூபாய் 29 காசுதான். ரோஸி வந்த பிறகு அந்த 39 ரூபாயில் அவளுடைய கால் பங்கு 9 ரூபாய் 82 காசு. 110 ஆல் வகுக்கும் முறையிலோ அவளிடம் நாளைக்கு 10 ரூபாய் 72 காசு வாங்குகிறோம். அதாவது, அவள் இல்லாத முதல் பத்து நாளின் செலவில் கொஞ்சத்தையும் அவள் தலையில் வைக்கிறோம்.

சரியான வழி, சுற்றை இரண்டாக வெட்டுவது. ஜூன் 5 முதல் 14 வரை பத்து நாளின் செலவு 392 ரூபாய் 94 காசு. அதை மூன்று பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஏறக்குறைய 131. ஜூன் 15 முதல் இருபது நாளின் செலவு 785 ரூபாய் 88 காசு. அதை நான்கு பேர் பிரித்தால் ஆளுக்கு 196 ரூபாய் 47 காசு. ரோஸிக்கு இவ்வளவுதான். மற்ற மூவருக்கும் 131, 196 இரண்டையும் கூட்டி 327 ரூபாய் 45 காசு. இரண்டு முறைகளுக்கும் வித்தியாசம் 18 ரூபாய்தான். ஆனால் “நான் வராத நாளுக்கு நான் ஏன் கொடுக்கணும்?” என்று ரோஸி கேட்டால், இந்த முறையில் பதில் இருக்கிறது. அந்த முறையில் இல்லை.

காசுகளை என்ன செய்வது? ரூபாய்க்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டு, மற்றவர்களிடம் முழு எண்ணாக வாங்கிக்கொள்ளலாம். மிச்சம் பில் கட்டியவர் பங்கில் சேரட்டும். நித்யா 327, ஃபாத்திமா 327, ரோஸி 196. கவிதாவுக்கு 328 ரூபாய் 82 காசு. ஒரு ரூபாய் கூடினாலும் குறைந்தாலும் அது எப்போதும் அவளிடமே நிற்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் அதைப் பற்றிப் பேச்சு வராது.

இங்கே ஃபாத்திமா ஒரு கேள்வி கேட்கலாம். நடுவில் பன்னிரண்டு நாள் திருநெல்வேலிக்குப் போயிருந்தாளே, அதைக் கழிக்கக் கூடாதா? கழிக்கக் கூடாது என்பதே என் கருத்து. ரோஸி ஜூன் 14 வரை அந்த வீட்டுக்காரி அல்ல. ஃபாத்திமா ஊரில் இருந்தபோதும் அவள் கட்டில், அவள் அலமாரி, அவள் நெட் எல்லாம் அவளுக்காகக் காத்திருந்தன. அவள் போனதால் பில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அவள் பங்கைக் கழித்தால் அதை மற்ற மூவரும் சுமக்க வேண்டும். முழுச் சுற்றுக்கும் ஒருத்தி ஊரில் இருக்கப்போகிறாள் என்றால், அது வேறு பேச்சு. அதைப் போகும் முன்பே குரூப்பில் பேசி முடிவு செய்ய வேண்டும், திரும்பி வந்த பிறகு அல்ல.

“நித்யா ராத்திரி முழுக்க வீடியோ பார்க்கிறாள், அவள் அதிகம் கொடுக்கட்டும்” என்ற வாதமும் வரும். இதுவும் நிற்காது. மாத வாடகை பிளானில் அவள் பார்த்த ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் காசு இல்லை. ஆனால் ஒருத்தி தன் வேலைக்காகக் கூடுதல் வேகம் வேண்டும் என்று கேட்டு, அதனால் பிளானையே மாற்றினால், பழைய பிளானுக்கும் புதிய பிளானுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அவளுடையது. பழைய விலை எல்லோருக்கும் சமம்.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். சில ஐடி கம்பெனிகள் வீட்டு நெட் செலவைத் திருப்பித் தருகின்றன. பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் முழு பில்லையும் ஆபீஸில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு, வீட்டிலும் மூன்று பேரிடம் பங்கு வசூலித்தால், ஒரே செலவுக்கு இரண்டு முறை வாங்குவதாகிறது. ஆபீஸில் தன் பங்குக்கு மட்டும் கேட்பதுதான் முறை.

நெட்ஃப்ளிக்ஸ் போன்றவற்றுக்கு விதி வேறு. நெட் வீட்டுக்கு, சந்தா பார்ப்பவர்களுக்கு. ஃபாத்திமா பார்ப்பதில்லை என்றால் அவள் பங்கு பூஜ்யம். ஹாலில் டிவி ஓடும்போது அவள் பத்து நிமிஷம் எட்டிப் பார்த்தாள் என்பதெல்லாம் கணக்கில் வராது. “உனக்கென்று புரொஃபைல் இருக்கிறதா?” என்ற ஒரே கேள்வி போதும். நித்யா கட்டியது 649 ரூபாய். ஜூன் 18 முதல் ஜூலை 17 வரையான அந்தச் சுற்று தொடங்கும்போது ரோஸி வீட்டில் இருந்தாள், பார்க்கிறாள். ஆக மூன்று பங்கு: கவிதா 216, ரோஸி 216, மிச்சம் 217 நித்யாவுக்கு.

நெட் பிளானோடு சேர்ந்து ‘இலவசமாக’ வரும் ஓடிடியில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அதே வேகத்தில் ஓடிடி இல்லாத பிளான் எவ்வளவு என்று பாருங்கள். வித்தியாசம் ஏதும் இல்லையென்றால் உண்மையிலேயே இலவசம். 200 ரூபாய் வித்தியாசம் இருந்தால், அந்த 200 ரூபாயும் அதற்கான வரியும் பார்ப்பவர்களுடையது. வருஷச் சந்தாவாக இருந்தால் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் வாங்குவதே நல்லது. மொத்தமாகப் பங்கு வாங்கிவிட்டால், மூன்றாவது மாதம் வீடு மாறுகிறவருக்கு எவ்வளவு திருப்பித் தருவது என்ற தகராறு நிச்சயம்.

இப்போது கவிதாவும் நித்யாவும் ஆளுக்கொரு பில் கட்டியிருக்கிறார்கள். நித்யா கவிதாவுக்கு 327 தர வேண்டும். கவிதாவும் ரோஸியும் நித்யாவுக்கு ஆளுக்கு 216, மொத்தம் 432 தர வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக அனுப்பிக்கொள்ளாமல், எல்லாவற்றையும் கவிதா வழியாகவே முடித்துக்கொண்டால், நித்யாவுக்குக் கவிதாவிடமிருந்து 105 ரூபாய் வர வேண்டும். ரோஸி தன் 196, 216 இரண்டையும் சேர்த்து 412 ஆகக் கவிதாவுக்கு அனுப்பிவிடலாம். மூன்றே பரிமாற்றம்.

கவிதா போட வேண்டிய மெசேஜ் இது:

“ஃபாத்திமா எனக்கு ₹327. ரோஸி எனக்கு ₹412. நித்யாவுக்கு நான் ₹105 அனுப்பிட்டேன். 10ஆம் தேதிக்குள்ள அனுப்புங்க, எப்பவும் அனுப்புற அதே நம்பருக்கு.

நெட், ஜூன் 5 – ஜூலை 4: ₹1178.82, நான் கட்டினேன். 14 வரைக்கும் மூணு பேர், 15லேருந்து நாலு பேர். நித்யா 327, ஃபாத்திமா 327, ரோஸி 196, மீதி நான்.

நெட்ஃப்ளிக்ஸ், ஜூன் 18 – ஜூலை 17: ₹649, நித்யா கட்டினா. நான் 216, ரோஸி 216, மீதி நித்யா. ஃபாத்திமாவுக்கு இல்ல.

ரெண்டு பில்லும் கீழ இருக்கு. கணக்குல தப்பு இருந்தா இங்கயே சொல்லுங்க.”

முதல் பத்தியிலேயே பெயரும் தொகையும் வந்துவிட்டன. ஆபீஸ் கேப்பில் போனை எட்டிப் பார்ப்பவருக்கு அது போதும். எப்படி வந்தது என்று தெரிய வேண்டியவர் கீழே படித்துக்கொள்வார். கணக்கு முதலிலும் தொகை கடைசியிலும் இருந்தால், “எனக்கு எவ்வளவுடி?” என்று ஒருத்தி கேட்பாள். அந்தக் கேள்வி வந்தாலே மெசேஜ் சரியில்லை என்று தெரிந்துகொள்ளலாம். தொகை தவறாக இருந்தால் குரூப்பிலேயே சொல்லச் சொல்வதும் காரணத்தோடுதான்: தனித்தனியாகத் திருத்தினால் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கணக்கு இருக்கும். பில் படத்தைப் போடும்போது வாடிக்கையாளர் எண், முகவரி இருக்கும் பகுதியை வெட்டிவிடலாம். தொகையும் தேதியும் தெரிந்தால் போதும்.

தேதியும் பணம் போக வேண்டிய இடமும் மெசேஜிலேயே இருக்க வேண்டியது முன்பைவிட இப்போது முக்கியம். யுபிஐயில் நண்பருக்கே பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை வைத்து மோசடி நடந்ததால் என்பிசிஐ எடுத்த முடிவு அது. அதனால் நினைவூட்டுவதும் இதே மெசேஜ் வழியாகத்தான். 10ஆம் தேதி தாண்டினால் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். பழைய மெசேஜுக்கே ரிப்ளை கொடுத்து “ரோஸி, 412” என்று போட்டால் போதும்.

நித்யா ஒருநாள் வீட்டைக் காலி செய்வாள். நெட்ஃப்ளிக்ஸ் ஒரே வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே ஒரு கணக்கைப் பகிர வேண்டும் என்கிறது. 2023 ஜூலையிலிருந்து இந்தியாவிலும் அதை அமல்படுத்துகிறது. அதனால் கணக்கு அவளோடு போகும். மற்றவர்கள் தங்கள் புரொஃபைலை வேறொரு புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம், பார்த்த வரலாறு அழியாது. ஹால் டிவியில் அவள் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். கிளம்புவது கவிதா என்றால் யுபிஐ ஆப்பில் நெட் பில்லுக்குக் கொடுத்த ஆட்டோபே அனுமதியை ரத்து செய்துவிட்டு, கனெக்‌ஷனை இருப்பவர் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். ரௌட்டருக்கு டெபாசிட் கட்டியிருந்தால் அதையும் கடைசி மெசேஜில் எழுத வேண்டும்: எவ்வளவு கட்டினோம், யார் கட்டினோம், கவிதாவின் பங்கை இனி வருகிறவள் தருவாளா, கம்பெனி தருமா என்று.