பட்டன் எங்கே போனது? மொபைல் கீபோர்டு மறைக்கும் இணையப் பக்கங்கள்

2022 டிசம்பரில் ஒரு காலை நேரம். ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். கண் டாக்டரிடம் காட்டுவதற்கு டோக்கன் எடுக்க, ஒரு இணைய தளத்தை மொபைலில் திறந்து வைத்திருந்தார்.

"டேய், எஸ்.எம்.எஸ்.ல வந்த நம்பரைப் போட்டுட்டேன். இனிமே எதை அமுக்கணும்? ஒண்ணையும் காணோமே."

"கீழே பச்சைக் கலர்ல ஒரு பட்டன் இருக்கும் பாரும்மா."

"கீழே நம்பர் கட்டைதான்டா இருக்கு."

நாங்கள் பேசி முடிப்பதற்குள் அந்த நம்பருக்கான நேரம் முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது காலை டோக்கன்கள் தீர்ந்துபோயிருந்தன. இதில் எனக்கு வெட்கமான விஷயம், அந்தப் பக்கத்தை எழுதியவனே நான்தான். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அதைவிட ஆச்சரியம், முந்தைய மாதம் இதே பக்கத்தில், இதே மொபைலில் அம்மா சிரமமில்லாமல் டோக்கன் எடுத்திருந்தார். இடையில் நான் அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

உடனே அலுவலகக் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்தேன். குரோம் பிரவுசரில் F12 கீயை அழுத்தி, மொபைல் படம் போட்ட ஐகானை க்ளிக் செய்தால், இணையப் பக்கத்தை மொபைல் அளவில் காட்டும். அதில் எல்லாம் சரியாக இருந்தது. பட்டனும் பச்சையாகப் பளிச்சென்று நின்றது. இருக்காதா பின்னே! கம்ப்யூட்டருக்கு மேஜை மேல் தனியாகக் கீபோர்டு இருக்கிறது. எனவே அந்த மாதிரித் திரையில் மொபைல் கீபோர்டு எழும்பி வருவதே இல்லை. நோய்க்குக் காரணமானதை வெளியே நிறுத்திவிட்டு நோயைத் தேடிக் கொண்டிருந்தேன். கையில் நிஜ மொபைலை எடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

கம்ப்யூட்டரில் நீங்கள் டைப் செய்யும்போது திரையின் அளவு மாறுவதில்லை. மொபைலில் அப்படி அல்ல. ஒரு கட்டத்தைத் தொட்டவுடன் கீபோர்டு திரையின் கீழிருந்து எழும்பி, ஏறக்குறைய பாதி இடத்தைப் பிடித்துக் கொள்கிறது. அந்த இடத்தில் அதுவரை இருந்த இணையப் பக்கத்தை என்ன செய்வது? இதை முடிவு செய்ய வேண்டியது பிரவுசர்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டிருக்கிறீர்கள். அதன் கீழ்ப்பாதியின் மேல் யாரோ கையை வைத்துவிடுகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் இரண்டு விதமாகச் சமாளிக்கலாம். பக்கத்தில் இருந்ததையெல்லாம் மேல்பாதிக்குள் அடங்கும்படி திரும்ப எழுதலாம். அல்லது எழுதியதை அப்படியே விட்டுவிட்டு, தேவைப்படும்போது நோட்டை மேலே நகர்த்திக் கொள்ளலாம். பிரவுசர்களும் இந்த இரண்டு வழிகளைத்தான் கையாளுகின்றன.

இதற்காகப் பிரவுசர் இரண்டு அளவுகளை நினைவில் வைத்திருக்கிறது. முதலாவது, பக்கத்தை அடுக்குவதற்கு எடுத்துக் கொள்ளும் அளவு. இதற்கு லேஅவுட் வியூபோர்ட் என்று பெயர். 'திரையின் அடியில் நில்' என்று ஒரு பட்டனுக்குச் சொல்லியிருந்தால், அது இந்த அளவின் அடியில்தான் நிற்கும். இரண்டாவது, இந்த நொடியில் உங்கள் கண்ணுக்கு உண்மையில் தெரியும் பகுதியின் அளவு. இது விஷுவல் வியூபோர்ட். கீபோர்டு இல்லாத நேரத்தில், பக்கத்தைப் பெரிதாக்காதவரை இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அதனால்தான் இப்படி இரண்டு இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

ஆண்ட்ராய்டு மொபைலில் குரோம் பல வருடங்கள் முதல் வழியில் சென்றது. கீபோர்டு வந்தால் இரண்டு அளவுகளையும் சேர்த்துச் சுருக்கிவிடும். பக்கம் முழுவதும் புதிதாக அடுக்கப்பட்டு, அடியில் நிற்கும் பட்டன் மேலேறி, கீபோர்டின் தலையில் உட்கார்ந்து கொள்ளும். ஐபோனின் சஃபாரி பிரவுசரோ இரண்டாவது வழி. அடுக்கும் அளவை அது தொடாது, தெரியும் பகுதி மட்டுமே சுருங்கும்.

2022 நவம்பர் இறுதியில் வெளியான குரோம் 108 பதிப்பில், ஆண்ட்ராய்டு குரோமும் சஃபாரியின் வழிக்கு மாறியது. இதில் நியாயம் இருக்கிறது. பழைய வழியில் கீபோர்டு வரும்போதும் போகும்போதும் முழுப் பக்கமும் மறுபடி அடுக்கப்படும். திரை உயரத்தை வைத்து அளவு கொடுக்கப்பட்ட படங்களும் கட்டங்களும் சட்டென்று சுருங்கி விரியும். பிரவுசருக்குப் பிரவுசர் நடத்தை வேறு வேறாகவும் இருந்தது. ஆனால் 'பட்டன் தானாக மேலேறும்' என்று நம்பிப் பக்கம் எழுதிய என்னைப் போன்றவர்களுக்கு, அம்மாவிடமிருந்து போன் வரும்வரை விஷயம் தெரியவில்லை. குரோம் தானாகவே அப்டேட் ஆகிக் கொள்ளும் அல்லவா? அம்மாவின் மொபைலிலும் அப்படித்தான் ஆகியிருந்தது.

இதை எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உங்களிடம் கம்ப்யூட்டரும் ஆண்ட்ராய்டு மொபைலும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். மொபைல் செட்டிங்ஸில் Developer options பகுதிக்குச் சென்று USB debugging என்பதை ஆன் செய்து, கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணையுங்கள். மொபைல் அனுமதி கேட்டால் கொடுங்கள். கம்ப்யூட்டர் குரோமின் முகவரிக் கட்டத்தில் chrome://inspect/#devices என டைப் செய்தால், மொபைலில் திறந்திருக்கும் பக்கங்கள் பட்டியலாக வரும். வேண்டிய பக்கத்தின் கீழ் inspect என்பதை க்ளிக் செய்து, Console பகுதியில் இந்த இரண்டு வரிகளையும் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். வேலை முடிந்ததும் USB debugging-ஐ மறக்காமல் ஆஃப் செய்துவிடுங்கள்.

```
innerHeight
visualViewport.height
```

என் மொபைலில் கீபோர்டு இல்லாதபோது இரண்டுமே 664 என்று காட்டின. நம்பர் போடும் கட்டத்தைத் தொட்டுக் கீபோர்டை வரவழைத்துவிட்டு மறுபடி கேட்டேன். முதலாவது அப்படியே 664. இரண்டாவது 384. அதாவது கீபோர்டு 280 புள்ளி உயரத்தை எடுத்துக் கொண்டது.

என் பக்கத்தில் நம்பர் கட்டம் மேலிருந்து 180 முதல் 228 வரை இருந்தது. அது தெரியும் பகுதிக்குள்தான் இருக்கிறது. பச்சைப் பட்டனின் உயரம் 56. பக்கத்தின் அடியில் நிற்கச் சொல்லியிருந்ததால் 608 முதல் 664 வரை நின்றது. தெரிவதோ 384 வரை மட்டும். பட்டன் காணாமல் போகவில்லை, கீபோர்டுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது! பழைய குரோமாக இருந்திருந்தால் பக்கமே 384 ஆகச் சுருங்கி, பட்டன் 328 முதல் 384 வரையில் வந்து நின்றிருக்கும்.

சாதாரணமாக இந்த நிலையில் விரலால் பக்கத்தை மேல்நோக்கித் தள்ளினால், தெரியும் பகுதி கீழிறங்கி மறைந்த பட்டனைக் காட்டிவிடும். அம்மாவுக்கு அதுவும் நடக்கவில்லை. காரணம், அந்தக் கட்டம் பக்கத்தின் மேல் திறக்கும் சிறு விண்டோவில் இருந்தது. பின்னால் உள்ள பக்கம் ஆடக்கூடாது என்று, விரலால் தள்ளுவதையே நான் தடை செய்து வைத்திருந்தேன். கீபோர்டில் உள்ள என்டர் கீயை அழுத்தியும் பார்த்திருக்கிறார். கட்டத்தையும் பட்டனையும் ஒரே படிவமாக நான் இணைக்காததால் அதுவும் வேலை செய்யவில்லை. ஒரு கதவு பிரவுசர் மூடியது. மற்ற இரண்டும் நான் மூடியவை.

இப்படி ஒரு பக்கத்தில் நீங்கள் மாட்டிக் கொண்டால் முதலில் விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். நகரவில்லை என்றால் கீபோர்டை மூடுங்கள். கீபோர்டு திறந்திருக்கும்போது ஆண்ட்ராய்டின் பேக் பட்டன், கீழ்நோக்கிய அம்புக்குறியாக மாறியிருக்கும். அதை ஒரு முறை அழுத்தினால் கீபோர்டு மட்டுமே மூடும். நீங்கள் டைப் செய்தது போகாது. பேக் அழுத்தினால் பக்கமே போய்விடும் என்று அம்மா பயந்து அதைத் தொடவில்லை. ஒரே முறை அழுத்துங்கள், இரண்டாவது முறை அழுத்தினால் அம்மாவின் பயம் உண்மையாகிவிடும். ஐபோனில் கீபோர்டின் மேல் விளிம்பில் உள்ள Done அல்லது டிக் குறியைத் தொட வேண்டும். ஜிபோர்டு கீபோர்டு வைத்திருப்பவர்கள் அதன் மெனுவில் Floating என்பதைத் தேர்ந்தெடுத்தால், கீபோர்டு ஒரு சிறு பலகையாக மிதக்கும். வேண்டிய இடத்துக்கு இழுத்து வைத்துக் கொள்ளலாம்.

சொந்தமாக இணையப் பக்கம் எழுதிப் பழகுபவர்களுக்குச் சில வார்த்தைகள். குரோம் 108 பழைய நடத்தையைக் கேட்டுப் பெறவும் வழி வைத்திருந்தது. பக்கத்தின் தலைப்பகுதியில் உள்ள வியூபோர்ட் வரியை இப்படி மாற்றினால் போதும்.

```
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1, interactive-widget=resizes-content">
```

அன்று மாலையே இதைச் சேர்த்தேன். ஆண்ட்ராய்டில் பட்டன் மீண்டும் கீபோர்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. நிம்மதியாகச் சொன்னபோது, பக்கத்து இருக்கையில் இருந்த நண்பர் தன் ஐபோனை நீட்டினார். "எனக்கு இது முதல்லேர்ந்தே இப்படித்தாங்க. சொன்னேனே, நீங்கதான் ரெண்டு பேருக்காக மாத்த முடியாதுன்னீங்க" என்றார். அந்த வரியை சஃபாரி அப்போது கண்டுகொள்ளவில்லை.

அடுத்து, பிரவுசரிடம் இரண்டு அளவுகளையும் கேட்டு, 664-இல் 384 போக மிச்சம் 280 என்று கணக்கிட்டு, ஜாவா ஸ்கிரிப்ட் மூலம் பட்டனை அந்த அளவு மேலே தூக்கிப் பார்த்தேன். வேலை செய்தது. ஆனால் ஐபோனில் கீபோர்டு முழுதாக எழும்பிய பிறகே அளவு மாறிய செய்தி கிடைத்தது. எனவே பட்டன் ஒரு கணம் மறைந்து பிறகு குதித்து வந்தது. போதாக்குறைக்கு, யாராவது இரு விரலால் பக்கத்தைப் பெரிதாக்கினாலும் தெரியும் பகுதியின் அளவு குறையும். அதைக் கீபோர்டு என்று நினைத்துப் பட்டன் நடுத்திரைக்கு ஏறிவிட்டது.

கடைசியில் பட்டனை அடியில் ஒட்டி வைக்கும் ஆசையையே விட்டுவிட்டேன். கட்டத்துக்கு நேர் கீழே கொண்டுவந்து, இரண்டையும் ஒரே படிவத்துக்குள் போட்டேன்.

```
<form action="/token" method="post">
  <input name="otp" inputmode="numeric" autocomplete="one-time-code">
  <button>டோக்கன் எடு</button>
</form>
```

இப்போது கட்டம் 228-இல் முடிகிறது, பட்டன் 244 முதல் 300 வரை. 384-க்குள் தாராளமாக அடங்குகிறது. எந்தப் பிரவுசர் எந்த வழியில் சென்றாலும் கவலை இல்லை. படிவமாகிவிட்டதால் என்டர் கீயும் வேலை செய்கிறது. விரலால் தள்ளுவதற்கு இருந்த தடையையும் எடுத்துவிட்டேன், ஏனென்றால் மொபைலைப் படுக்கை வசமாகத் திருப்பினால் கீபோர்டுக்கு மேலே மிஞ்சும் இடம் மிகவும் குறைவு. அங்கே தள்ளித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் அம்மாவே டோக்கன் எடுத்தார். "பட்டனை மேலே வச்சுட்ட போல" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.