பெட்டியை முன்பே அனுப்பிவிடலாம்

டெல்லி விமான நிலையத்தில் 2024 முதல் பயணிகளே பெட்டியை ஒப்படைக்கும் இயந்திரங்கள் இயங்குகின்றன. முதலில் கியாஸ்கில் போர்டிங் பாஸும் பெட்டிக்கான டேக்கும் அச்சாகும். டேக்கைக் கைப்பிடியில் சுற்றி ஒட்டிப் பெட்டியை பெல்ட்டில் வைத்தால், இயந்திரம் எடை பார்த்து, பார்கோடைப் படித்து, ரசீது தரும். ஒரு பெட்டிக்குச் சுமார் அரை நிமிடம் போதும்.

பழைய பயணத்தின் டேக்கோ ஸ்டிக்கரோ ஒட்டியிருந்தால் ஸ்கேனர் குழம்பும், முன்பே கிழித்துவிடுங்கள். எடை கூடினால் இயந்திரம் பெட்டியை ஏற்காது, கவுன்ட்டருக்குத்தான் போகவேண்டும். பவர் பேங்க் உள்ளே இருந்தால் பின்னர் எக்ஸ்ரேயில் சிக்கி, உங்களைத் திரும்ப அழைப்பார்கள்.

இன்னொரு வழி, நகரத்திலேயே செக்-இன் செய்வது. புது டெல்லி மெட்ரோ நிலையத்தில் சில விமான நிறுவனங்களின் பயணிகள் பெட்டியைக் கொடுத்துவிட்டு, கைப்பையோடு ஏர்போர்ட் ரயிலில் ஏறலாம். சுமார் 20 நிமிடத்தில் மூன்றாம் டெர்மினல் வந்துவிடும். அங்கே கவுன்ட்டர் வரிசை இல்லாமல் நேரே பாதுகாப்புச் சோதனைக்குப் போகலாம். ஆனால் எல்லா நிறுவனங்களும் இதில் இல்லை. கடைசி நேரத்திலும் பெட்டியை வாங்கமாட்டார்கள். முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழிகளிலும் மிச்சமாவது கவுன்ட்டரில் நிற்கும் நேரம்தான். பாதுகாப்பு வரிசையின் நீளம் குறையாது. அதற்கான நேரத்தைத் தனியாக ஒதுக்கியே கிளம்புங்கள்.