காஃப்காவின் மறுபங்கீடு: நான்காமவர் வந்தால் மூவரும் நிற்க வேண்டுமா?

காஃப்காவில் ஒரு டாபிக்குக்கு வரும் செய்திகள் பார்ட்டிஷன்களாகப் பிரித்து வைக்கப்படுகின்றன. அவற்றைப் படிக்கும் நிரல்களான கன்ஸ்யூமர்கள் குழுவாகச் சேர்ந்து பார்ட்டிஷன்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு பார்ட்டிஷனை ஒரு நேரத்தில் குழுவில் ஒன்றுதான் படிக்கலாம். அதனால் புதிய கன்ஸ்யூமர் சேர்ந்தாலோ, இருப்பது விலகினாலோ பங்கை மாற்றிப் போட வேண்டும். இதுதான் ரீபேலன்ஸ்.

12 பார்ட்டிஷன்களை மூன்று கன்ஸ்யூமர்கள் தலைக்கு நான்காகப் படிக்கின்றன. நான்காவது ஒன்று சேருகிறது என்று கொள்வோம். பழைய முறையில் ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள நான்கையும் கைவிட்ட பிறகே மறுபங்கீட்டில் சேர முடியும். கடைசி உறுப்பினர் வரும்வரை பங்கீடு தொடங்காது. கன்ஸ்யூமரோ கையிலுள்ள செய்திகளை முடித்து, அடுத்த முறை poll() அழைக்கும்போதுதான் வந்து சேரும். ஒருமுறைக்கு 500 செய்திகள், ஒவ்வொன்றுக்கும் 0.2 நொடி என்றால் அது வர 100 நொடி ஆகலாம். அத்தனை நேரமும் மற்ற இரண்டும் வெறுங்கையோடு காத்திருக்கும்; படிக்காத செய்திகள் குவியும். இத்தனைக்கும் இடம் மாற வேண்டியவை மூன்றே பார்ட்டிஷன்கள்.

2019 டிசம்பரில் வந்த காஃப்கா 2.4 இந்த வீணான நிறுத்தத்தைத்தான் குறிவைத்தது. கூட்டுறவு முறையில் பழைய மூன்றும் எதையும் கைவிடாமல், தம்மிடம் உள்ளவற்றைச் சொல்லிக்கொண்டே சேர்கின்றன. முதல் சுற்றில் ஒவ்வொன்றும் ஒரு பார்ட்டிஷனை மட்டும் விட வேண்டும் என்று முடிவாகிறது. புதியவருக்கு இன்னும் ஒன்றும் கிடைக்காது. விட்டபின் உடனே இரண்டாம் சுற்று நடந்து, விடுபட்ட மூன்றும் அதற்குப் போகின்றன. சுற்று இரண்டானாலும், ஒன்பது பார்ட்டிஷன்கள் கைமாறுவதே இல்லை. அமைப்பு இவ்வளவுதான்:

```
partition.assignment.strategy=org.apache.kafka.clients.consumer.CooperativeStickyAssignor
```

ஓடிக்கொண்டிருக்கும் குழுவில் இதைச் சட்டென்று மாற்றக் கூடாது. முதலில் பழைய முறையையும் புதியதையும் சேர்த்தே எழுதி, கன்ஸ்யூமர்களை ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்ய வேண்டும். பிறகு பழையதை நீக்கி, இன்னொரு முறை அதேபோல். 3.0 முதல் இயல்பமைப்பிலேயே இரண்டும் இருப்பதால், அதை மாற்றாதவர்களுக்கு இரண்டாவது படி மட்டும் போதும்.

நிரலிலும் ஓரிடம் கவனிக்கத்தக்கது. கூட்டுறவு முறையில் onPartitionsAssigned புதிதாகச் சேர்ந்த பார்ட்டிஷன்களை மட்டுமே தரும். அதையே முழுப் பட்டியலாக நம்பிய பழைய நிரல், தன்னிடம் ஏற்கெனவே உள்ளவற்றை மறந்துவிடும்.

கன்ஸ்யூமர் திடீரென்று செயலிழந்தால் நிலைமை வேறு. அது போய்விட்டது என்று குழு உணர session.timeout.ms அளவு நேரம் ஆகும், 3.0 முதல் இயல்பாக 45 நொடி. அதன் பார்ட்டிஷன்கள் அதுவரை எந்த முறையிலும் கேட்பாரற்றே கிடக்கும். மெதுவான உறுப்பினரும் பங்கீட்டைத் தாமதப்படுத்தவே செய்யும். ஆனால் அந்தத் தாமதத்தில் மாட்டுவது இடம் மாறும் பார்ட்டிஷன்கள் மட்டுமே.