படத் திருத்தத்தில் வழிகாட்டல் அளவும் படி எண்ணிக்கையும்

வழிகாட்டல் அளவு, படி எண்ணிக்கை ஆகியன விரவல் மாதிரிகளைக் கொண்டு ஒரு படத்தைத் திருத்தும்போது பயனர் தேர்ந்தெடுக்கும் இரண்டு எண்கள் ஆகும். மூலப் படம் ஒன்றையும், அதில் செய்ய வேண்டிய மாற்றத்தைக் கூறும் தொடர் ஒன்றையும் கொடுத்தால், மாதிரி புதிய படம் ஒன்றை உருவாக்குகின்றது. அப்படம் மூலத்தை எவ்வளவு ஒத்திருக்கும், கேட்ட மாற்றத்தை எவ்வளவு துணிந்து செய்யும் என்பன பெரும்பாலும் வழிகாட்டல் அளவைப் பொறுத்தவை. படி எண்ணிக்கையும் இதே வேலையைச் செய்கின்றது என்று பலர் கருதுவதுண்டு. அது ஓரளவே சரியாகும். இக்கட்டுரை, 2022 இல் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டிம் புரூக்சு, அலெக்சாண்டர் கொலின்சுகி, அலெக்சி எஃப்ரோசு ஆகியோர் வெளியிட்ட இன்ஸ்ட்ரக்ட் பிக்ஸ்2பிக்ஸ் என்னும் மாதிரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகின்றது.

செயல்படும் முறை

விரவல் மாதிரி வெறும் இரைச்சலில் இருந்து தொடங்குகின்றது. ஒவ்வொரு படியிலும், தன் முன் உள்ள படத்தில் எப்பகுதி இரைச்சல் என்று மதிப்பிட்டு, அதில் சிறிது நீக்குகின்றது. நூறு படிகள் என்றால் இவ்வேலை நூறு முறை நடைபெறும். இன்ஸ்ட்ரக்ட் பிக்ஸ்2பிக்ஸில் மூலப் படம் ஒவ்வொரு படியிலும் கூடுதல் உள்ளீடாக மாதிரிக்குத் தரப்படுகின்றது. ஆகவே படிகள் கூடினாலும் குறைந்தாலும் மாதிரி மூலத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

வழிகாட்டல் என்னும் உத்தியை ஜொனதன் ஹோ, டிம் சாலிமன்சு ஆகியோர் முன்வைத்தனர். தொடரைப் படித்த மதிப்பீடு ஒன்றும், படிக்காத மதிப்பீடு ஒன்றும் பெறப்படுகின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தொடரின் செல்வாக்கு. அவ்வேறுபாட்டை ஓர் எண்ணால் பெருக்கினால் செல்வாக்கு மிகும். அந்த எண்ணே வழிகாட்டல் அளவு. படத் திருத்தத்தில் தொடர், மூலப் படம் என இரண்டு கட்டளைகள் இருப்பதால் அளவுகளும் இரண்டாகின்றன:

```
e = e(0,0) + sI·(e(I,0) − e(0,0)) + sT·(e(I,T) − e(I,0))
```

இங்கு e(0,0) என்பது எதையும் பார்க்காத மதிப்பீடு, e(I,0) என்பது மூலப் படத்தை மட்டும் பார்த்தது, e(I,T) என்பது இரண்டையும் பார்த்தது. sI பட வழிகாட்டல் அளவு, sT தொடர் வழிகாட்டல் அளவு. எதையும் பார்க்காமல் மதிப்பிட மாதிரிக்குப் பழக்கம் வேண்டும். அதற்காகப் பயிற்சியின்போது 5% எடுத்துக்காட்டுகளில் படத்தையும், 5% இல் தொடரையும், 5% இல் இரண்டையும் மறைத்தனர். ஒரு படிக்கு மூன்று மதிப்பீடுகள் தேவைப்படுவதால், 100 படிகளுக்கு 300 மதிப்பீடுகள் ஆகின்றன.

ஒரு கணக்கு

படத்தின் ஒரு புள்ளியில் மூன்று மதிப்பீடுகளும் முறையே 0.10, 0.30, 0.34 எனக் கொள்வோம் (இவை விளக்கத்திற்காக எடுத்த எண்கள்). மூலப் படத்தின் செல்வாக்கு 0.20. தொடரின் செல்வாக்கு 0.04 மட்டுமே. வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் sI = 1.5, sT = 7.5 ஆகியவற்றை இட்டால், 0.10 + 0.30 + 0.30 = 0.70 கிடைக்கின்றது. சிறிய செல்வாக்கு உடைய தொடர், 7.5 ஆல் பெருக்கப்பட்டதால், படத்திற்கு நிகராக வந்து நிற்கின்றது. sT ஐ 3 ஆகக் குறைத்தால் தொடரின் பங்கு 0.12 ஆகச் சுருங்கி, மூலப் படமே மேலோங்கும். இரண்டு அளவுகளும் 1 ஆனால் விடை 0.34, அதாவது பெருக்கம் ஏதுமில்லாத மதிப்பீடு.

இதே கணக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகின்றது. 0.70 என்பது மூன்று மதிப்பீடுகளில் எதுவும் கூறாத மதிப்பு. அளவை மேலும் உயர்த்தினால் மாதிரி தான் கற்ற எல்லைக்கு வெளியே தள்ளப்படும். நிறங்கள் அளவுமீறித் தெறிப்பதும், நிழல்கள் கருத்துப் போவதும், விளிம்புகள் கூர்மையாகித் தனித்து நிற்பதும் அதன் அடையாளங்கள்.

ஆய்வாளர்கள் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலைப் படத்தை எடுத்து, அவரை இயந்திர மனிதராக மாற்றுமாறு கட்டளையிட்டு, அளவுகளை மாற்றிக் காட்டினர். தொடர் அளவு குறைவாகவும் பட அளவு கூடுதலாகவும் இருக்கும்போது சிலை ஏறக்குறைய அப்படியே இருக்கின்றது. எதிர்த்திசையில் செல்லும்போது உலோகப் பகுதிகள் மிகுந்து, முகம் தாவீதின் முகமாக இல்லாமல் போகின்றது. இவ்விரண்டு தன்மைகளையும் தனித்தனியே அளந்தபோது, ஒன்று கூடும்போது மற்றது குறைவது தெரிந்தது. இரண்டையும் ஒருசேர உயர்த்தும் அமைப்பு இல்லை.

தொடர் அளவை உயர்த்துவதைப் 'படைப்பூக்கம்' எனக் கூறுவது முழுதும் பொருந்தாது. படம் மூலத்தில் இருந்து விலகும் என்பது உண்மை. ஆனால் வெவ்வேறு தொடக்க இரைச்சல்களில் இருந்து கிடைக்கும் படங்கள் ஒன்றையொன்று ஒத்துப்போகத் தொடங்கும். விலகல் கூடுகின்றது, பன்மை குறைகின்றது.

படிகளின் பங்கு

யூலர் போன்ற, இடையில் இரைச்சல் சேர்க்காத முறைகளில் படிகள் ஒரு வளைந்த பாதையை நேர்க்கோட்டுத் துண்டுகளாகப் பிரிப்பது போன்றவை. துண்டுகள் குறைவானால் பாதை தவறும். போதிய அளவு ஆனபின் மேலும் கூட்டுவதால் படம் அதிகம் மாறாது, நேரமே வீணாகும். வழிகாட்டல் அளவு கூடும்போது பாதையின் வளைவும் கூடுவதால், உயர்ந்த அளவிற்குக் கூடுதல் படிகள் தேவைப்படலாம்.

யூலர் ஆன்செஸ்ட்ரல் முறை வேறானது. மேற்கூறிய ஆய்வில் 100 படிகளுடன் பயன்பட்டது இதுவே. ஒவ்வொரு படியிலும் சிறிது புதிய இரைச்சலைச் சேர்ப்பதால், 50 படிகளில் ஒரு படமும் 100 படிகளில் வேறொரு படமும் வரும். படிகளைக் கூட்டியதால் மாதிரி 'கற்பனை' செய்தது என்னும் எண்ணம் பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கின்றது. உண்மையில் மாறியது தற்செயல் மட்டுமே.

மூலத்தைப் பேணுவதில் படிகள் நேரடியாகத் தலையிடும் இடம் ஒன்று உண்டு. 2021 இல் வெளிவந்த எஸ்டிஎடிட் வழிமுறையில், மூலப் படத்தின் மீதே ஓரளவு இரைச்சலைத் தூவி, அங்கிருந்து தொடங்குவர். எவ்வளவு தூவுவது என்பதை `strength` என்னும் எண் கூறும். டிஃபியூசர்ஸ் மென்பொருள் நூலகத்தில், 50 படிகளுக்கு 0.6 எனக் கொடுத்தால் 30 படிகளே ஓடும். 100 எனக் கொடுத்தால் 60 ஓடும். தொடக்க இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, ஆகவே மூலத்தின் சாயலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நான்கு படிகளில் முடிக்கும் விரைவு மாதிரியில் 0.6 என்பது 2.4 ஆகி, பின்னம் கழிக்கப்பட்டு 2 ஆகும். அதாவது பயனர் 0.6 கேட்டு 0.5 ஐப் பெறுகின்றார். 0.74 கேட்டாலும் அதுவே. 0.2 கேட்டால் ஒரு படியும் மிஞ்சாது.

பிழையைக் கண்டறிதல்

தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் எண்ணை நிலையாக வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல் வேண்டும்:

```
pipe("turn him into a cyborg", image=photo,
     num_inference_steps=100,
     guidance_scale=7.5, image_guidance_scale=1.5,
     generator=torch.manual_seed(42))
```

படம் மங்கலாகவோ குலைந்தோ இருந்தால், இரைச்சல் சேர்க்காத முறை ஒன்றில் படிகளை இருமடங்காக்கிப் பார்க்கலாம். குறை நீங்கினால் அது படிகளின் குறை. நிறத் தெறிப்பு அப்படியே இருந்தால் sT மிகுதி எனக் கொள்ளலாம். படம் மாறவே இல்லையெனில் sI ஐ 1.5 இல் இருந்து 1.2 வரை சிறிது சிறிதாகக் குறைப்பது நன்று. அதன் செல்வாக்கு பெரிது என்பதால் 0.1 அளவிலான மாற்றமும் கண்ணுக்குத் தெரியும். முகம் சிறியதாக உள்ள படங்களில் இவ்வெண்கள் எவையும் உதவாமல் போவதுண்டு. படத்தைச் சுருக்கிப் பதியும் பகுதியிலேயே முக நுணுக்கங்கள் தொலைந்துவிடுவது அதற்குக் காரணம். முகம் பெரிதாகத் தெரியுமாறு படத்தை வெட்டிக் கொடுப்பது அங்கு பயன் தரும்.

இவ்வெண்களை எல்லா மாதிரிகளுக்கும் பொதுவாகக் கொள்ளலாகாது. 2025 இல் வெளிவந்த ஃபிளக்ஸ்.1 கான்டெக்ஸ்ட் டெவ் மாதிரியில் வழிகாட்டல் அளவு மேற்கண்ட வாய்பாட்டில் பெருக்கப்படுவதில்லை. அது மாதிரிக்கே ஓர் உள்ளீடாகத் தரப்படுகின்றது. அங்கு 2.5 என்பதை இங்குள்ள 7.5 உடன் ஒப்பிட இயலாது.