பள்ளி வாசலில் மிரட்டல்: ஆசிரியருக்கு என்ன பாதுகாப்பு?

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பில் படிக்கும் மகனை ஆசிரியை அடித்துவிட்டார் என்று கேள்விப்பட்ட தந்தை, இரவில் அவருக்குப் போன் செய்து கண்டபடி திட்டுகிறார். மறுநாள் காலை பள்ளி வாசலில் நின்றுகொண்டு, "வெளியே வா, உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று கத்துகிறார்.

போனில் பதிலுக்குப் பதில் பேச வேண்டியதில்லை. "நாளை தலைமை ஆசிரியர் முன்னிலையில் பேசலாம்" என்று சொல்லிவிட்டு ஆசிரியை அழைப்பைத் துண்டிக்கலாம். அழைத்த எண், நேரம், பேசிய சொற்கள் ஆகியவற்றை அன்றே எழுதிவைக்க வேண்டும். ஒலிப்பதிவு இருந்தால் அதே கைபேசியில் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். வாசலில் நடந்ததைப் பார்த்தவர்களின் பெயர்களோடு தலைமை ஆசிரியரிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க வேண்டும். அதன்பின் அந்தத் தந்தையோடு பேசுவது தலைமை ஆசிரியரின் பொறுப்பு. முன்அனுமதி பெற்று வந்தால் மட்டுமே சந்திப்பு என்று அவருக்குக் கடிதம் அனுப்பலாம்.

காவல் நிலையத்துக்குப் போனால் உடனே வழக்குப் பதிவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டல் 351ஆம் பிரிவிலும், சண்டைக்கு இழுக்கும்படி அவமதிப்பது 352ஆம் பிரிவிலும் வருகின்றன. பொதுவாக இவற்றை நீதித்துறை நடுவரின் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. ஆகவே முதலில் கிடைப்பது பெரும்பாலும் மனு ரசீதுதான். அதைப் பத்திரப்படுத்துங்கள், மிரட்டல் தொடர்ந்தால் முந்தைய புகாருக்கு அதுவே சான்று.

அதே தந்தை உள்ளே நுழைந்து, வகுப்புக்குப் போகவிடாமல் ஆசிரியையைப் பிடித்துத் தள்ளினால் நிலைமை வேறு. பணியிலிருக்கும் பொது ஊழியரைத் தடுக்கப் பலத்தைப் பயன்படுத்துவது 132ஆம் பிரிவுக் குற்றம். அதற்கு நேரடியாக முதல் தகவல் அறிக்கை பதியலாம். இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. வெறும் கூச்சலுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. தனியார் பள்ளி ஆசிரியர் பொது ஊழியர் அல்லர் என்பதால் அவருக்கும் இது பொருந்தாது. தாக்குதலுக்கான பொதுவான பிரிவுகளில்தான் அவர் புகார் தர வேண்டும். பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கில் பேசினால் 79ஆம் பிரிவு இரு தரப்புப் பள்ளிகளின் ஆசிரியைகளுக்கும் உதவும்.

தந்தையின் புகாரும் இத்துடன் முடிந்துபோவதில்லை. மாணவரை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் தடை செய்கிறது. அவர் எழுத்தில் புகார் தந்தால், 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவிலும் அவர் முறையிடலாம்.

எனவே பள்ளி இரண்டையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். தந்தை கத்தினார் என்பதற்காக மாணவன் அடிபட்டதை மூடி மறைக்கக் கூடாது. மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பவும் கூடாது; எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்க அந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை.